ஒரு நாள் விட்டு ஒரு நாளா, தினமுமா?

குழந்தைக்காக முயலத் தொடங்கிய சில மாதங்களுக்குள் ஏறக்குறைய எல்லாத் தம்பதியரும் ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: உடலுறவு தினமும் இருக்க வேண்டுமா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதுமா, அல்லது கருமுட்டை வெளிவரும் நாள் வரை காத்திருந்து அன்று மட்டும் இணைவதுதான் சரியா? நாங்கள் முயன்ற காலத்தில் மூன்று விதமான பதில்களும் எங்களுக்குக் கிடைத்தன, மூன்றும் அக்கறையுள்ளவர்களிடமிருந்தே கிடைத்தன. என் அக்கா ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றாள். கணவரின் நண்பர் ஒருவர், "சேர்த்து வைத்தால்தான் பலம் இருக்கும், அந்த நாளுக்காகக் காத்திரு" என்று அவரிடம் சொல்லியிருந்தார். நாங்கள் பார்த்த மருத்துவர் கேள்வியைக் கேட்டுவிட்டு, "தினமும் என்றாலும் தவறில்லை, முடியாவிட்டாலும் கவலையில்லை" என்றார். அப்போது அது பதிலைத் தவிர்ப்பதற்காகச் சொன்னது போலத்தான் எனக்குப் பட்டது. ஆய்வுகளைப் படித்துப் பார்த்த பிறகே, அவர் சொன்னதுதான் கிடைத்திருக்கும் சான்றுகளுக்கு மிக நெருக்கமான பதில் என்று புரிந்தது.

இந்தக் கேள்விக்கு இன்றுவரை அடித்தளமாக இருப்பது 1995-இல் ஆலன் வில்காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் ஆய்வு. அமெரிக்காவின் வட கரோலினாவில், குழந்தைப்பேற்றுச் சிக்கல் எதுவும் இருப்பதாக அறியப்படாத 221 பெண்கள், கர்ப்பம் தரிக்க முயலத் தொடங்கிய காலத்திலிருந்து நாள்தோறும் தங்கள் சிறுநீர் மாதிரியைச் சேகரித்து, உடலுறவு இருந்த நாட்களையும் குறித்து வைத்தார்கள். சிறுநீரில் உள்ள ஹார்மோன்களின் ஏற்றத்தாழ்வைக் கொண்டு கருமுட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று 625 சுழற்சிகளில் கணிக்க முடிந்தது. அவற்றில் 192 கர்ப்பங்கள் தொடங்கின. அந்தக் கர்ப்பங்கள் அனைத்தும், கருமுட்டை வெளிவந்த நாளில் முடியும் ஆறு நாட்களுக்குள் இருந்த உடலுறவிலிருந்தே உண்டாகியிருந்தன. கருமுட்டை வெளிவந்த மறுநாள் இருந்த உறவு எதுவும் கர்ப்பத்தைத் தரவில்லை.

இந்த ஆறு நாட்களுக்குக் காரணம் இரண்டு உயிரணுக்களின் ஆயுளில் உள்ள வேறுபாடு. வெளிவந்த கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் கருவுறும் நிலையில் இருப்பதில்லை. விந்தணுவோ, கர்ப்பப்பை வாயில் அந்த நாட்களில் சுரக்கும் தெளிந்த, வழுக்கும் தன்மையுள்ள சளியின் உதவியால், ஐந்து நாட்கள் வரை உயிரோடு இருக்க முடியும். ஆகவே கருமுட்டை வரும்போது விந்தணுக்கள் முன்னதாகவே வந்து காத்திருக்க வேண்டும். முட்டை வந்த பிறகு புறப்படும் விந்தணுவுக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. ஆனால் ஆறு நாட்களும் ஒரே மதிப்புடையவை அல்ல. ஐந்து நாட்களுக்கு முன் இருந்த ஒற்றை உறவு கர்ப்பத்தில் முடியும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் என்றும், கருமுட்டை வெளிவரும் நாளை நெருங்க நெருங்க அது 33 சதவீதம் வரை உயர்கிறது என்றும் வில்காக்ஸ் குழு கணக்கிட்டது. பின்னர் 2002-இல், ஐரோப்பாவின் 782 தம்பதியரின் பதிவுகளைக் கொண்டு டேவிட் டன்சனும் மற்றவர்களும் செய்த ஆய்வில், உச்சம் கருமுட்டை வெளிவரும் நாளில் அல்லாமல் அதற்கு இரண்டு நாட்கள் முன்பாக அமைந்தது. இரண்டு ஆய்வுகளிலும் கருமுட்டை வெளிவந்த நாள் நேரில் பார்க்கப்பட்டதன்று, கணிக்கப்பட்டதே. அந்தக் கணிப்பு ஒரு நாள் முன்பின் தவறக்கூடும் என்பதை நினைத்தால் இந்த வேறுபாடு வியப்பளிக்காது. நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது, வெளிவரும் நாளுக்கு முந்தைய இரண்டு நாட்களும் மிக நல்ல நாட்கள் என்பதே.

இனி எத்தனை முறை என்ற கேள்விக்கு வருவோம். அந்த ஆறு நாட்களிலும் தினமும் உறவு கொண்டால் ஒரு சுழற்சியில் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் 33 சதவீதம், வாரம் ஒரு முறை என்றால் 15 சதவீதம் என்று வில்காக்ஸ் ஆய்வின் கணக்கு காட்டியது. அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் தன் அறிவுரையில் மேற்கோள் காட்டும் எண்களும் இவையே. தினமும் என்று சொல்பவர்கள் 37-ஐக் காட்டுவார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பவர்கள் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் நான்கு சதவீதப் புள்ளிகள்தானே என்பார்கள். நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவள், ஆனால் அதற்கான காரணம் எண் சிறியது என்பதோடு முடிந்துவிடவில்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்னும் முறை ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் தெளிவாகிவிடும். கருமுட்டை வெளிவரும் நாளையும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களையும் வரிசையாக எழுதுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இணையும் தம்பதியருக்கு இரண்டே சாத்தியங்கள் உண்டு. ஒன்று, அவர்கள் ஐந்து, மூன்று, ஒன்று நாட்களுக்கு முன் இணைந்திருப்பார்கள். இல்லையேல் நான்கு, இரண்டு நாட்களுக்கு முன்னும் வெளிவரும் நாளிலும் இணைந்திருப்பார்கள். எப்படி அமைந்தாலும், முந்தைய இரண்டு நல்ல நாட்களில் ஏதேனும் ஒன்று அவர்கள் கையில் இருக்கும். கருமுட்டை எந்த நாளில் வந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. மூன்று நாட்களுக்கு ஒரு முறை என்றால் இந்த உறுதி சற்றுத் தளர்கிறது: மூன்று சாத்தியங்களில் ஒன்றில், மூன்று நாட்களுக்கு முன்பும் வெளிவரும் நாளிலும் மட்டுமே உறவு அமைந்து, இடையிலுள்ள இரண்டு நல்ல நாட்களும் விடுபட்டுப் போகும். வாரம் ஒரு முறை என்றால் ஆறு நாட்களில் ஒரே ஒரு வாய்ப்பு, சில சுழற்சிகளில் அதுவும் இல்லை. 33-க்கும் 15-க்கும் இடையிலுள்ள பள்ளத்துக்குக் காரணம் இதுதான். தினமும் இணைவது இதற்கு மேல் சேர்ப்பது, ஏற்கெனவே காத்திருக்கும் விந்தணுக்களுக்குத் துணையாகப் புதியவற்றை அனுப்புவதை மட்டுமே.

37-க்கும் 33-க்கும் இடையிலான வேறுபாட்டை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த ஆய்வில் யாரையும் "நீங்கள் தினமும், நீங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்று குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. அவரவர் விருப்பப்படி வாழ்ந்தவர்களின் பதிவுகளிலிருந்து கணித மாதிரி ஒன்றின் வழியாகப் பெறப்பட்ட எண்கள் இவை. தினமும் இணைபவர்கள் வேறு வகைகளிலும் மாறுபட்டவர்களாக இருந்திருக்கலாம். 192 கர்ப்பங்களை வைத்துக்கொண்டு நான்கு புள்ளி வேறுபாட்டை உறுதியாகப் பிரித்தறிய முடியாது. மேலும் அந்தக் கர்ப்பங்களில் ஹார்மோன் சோதனையில் மட்டுமே தெரிந்து விரைவில் கலைந்தவையும் அடங்கும். குழந்தை பிறந்தது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில்தான். ஆகவே 33 சதவீதம் என்பதை அப்படியே குழந்தை பிறக்கும் வாய்ப்பு என்று படிக்கக் கூடாது.

சரி, அந்த வேறுபாடு உண்மை என்றே வைத்துக்கொண்டு ஆறு மாதங்களுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் வாய்ப்பு மாறாமல் இருக்கிறது என்று கொண்டால், தினமும் இணைபவர்களில் நூற்றுக்கு 94 பேரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இணைபவர்களில் 91 பேரும், வாரம் ஒரு முறை இணைபவர்களில் 62 பேரும் ஆறு சுழற்சிகளுக்குள் கர்ப்பம் தரிப்பார்கள். உண்மையில் வாய்ப்பு அப்படி மாறாமல் இருப்பதில்லை. எளிதில் கருத்தரிப்பவர்கள் முதல் மாதங்களிலேயே வரிசையை விட்டு வெளியேறிவிடுவதால், மீதியிருப்பவர்களின் சராசரி மாதாமாதம் குறையும். உண்மையான எண்கள் மூன்றுமே இதைவிடக் கீழாகத்தான் இருக்கும். ஆனாலும் எந்த இரண்டு எண்கள் அருகருகே இருக்கின்றன, எது தனியே விலகி நிற்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

கணவரின் நண்பர் சொன்ன அந்தச் சேமிப்புக் கோட்பாட்டைத் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நான் கேட்ட அறிவுரைகளில் உண்மையிலேயே தீங்கு செய்யக்கூடியது அது ஒன்றுதான். விந்தணுக்களை உண்டியலில் காசு சேர்ப்பது போலச் சேர்க்க முடியும் என்பது அதன் அடிப்படை. ஓரளவுக்கு அது உண்மையே: ஒரு வாரம் இடைவெளி விட்டால் விந்துவின் அளவும் அதிலுள்ள அணுக்களின் மொத்த எண்ணிக்கையும் கூடும். ஆனால் விந்தகத்தில் உற்பத்தி ஒரு நாளும் நிற்பதில்லை. நாள்தோறும் பல கோடி அணுக்கள் உருவாகி, விந்தகத்தின் பின்புறம் ஒட்டியிருக்கும் எபிடிடிமிஸ் என்ற நீண்ட சுருள்குழாயில் முதிர்ந்து தங்குகின்றன. வெளியேறாமல் தங்குபவை அங்கே முதுமையடைகின்றன, இயக்கம் குறைகிறது, அவற்றின் டி.என்.ஏ.வில் சிதைவு கூடுகிறது. பத்தாயிரத்தை எட்டும் விந்து மாதிரிகளை வைத்துச் செய்யப்பட்ட பெரிய ஆய்வு ஒன்றில், இயல்பான விந்து உள்ள ஆண்களுக்குத் தினமும் வெளியேற்றினாலும் அணுக்களின் அடர்த்தியும் இயக்கமும் இயல்பு நிலையிலேயே இருந்தன. எண்ணிக்கை குறைவாக உள்ள ஆண்களிடம் இடைவெளி குறையக் குறைய நிலைமை மேம்பட்டே காணப்பட்டது. "எனக்கு எண்ணிக்கை குறைவு, அதனால் சேர்த்து வைக்க வேண்டும்" என்று நினைக்கும் ஆண், தன் நிலைக்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தெடுக்கிறார் என்று பொருள். பத்து நாட்களுக்கு மேல் இடைவெளி நீண்டால் விந்துவின் தரம் பொதுவாகவே சரியத் தொடங்குகிறது.

டி.என்.ஏ. சிதைவு அதிகமுள்ள 118 ஆண்களை ஏழு நாட்கள் தினமும் விந்து வெளியேற்றச் செய்து ஆஸ்திரேலியாவின் டேவிட் கிரீனிங் 2009-இல் ஒரு மாநாட்டில் வெளியிட்ட முடிவும் இதையே சொன்னது: சிதைவின் சராசரி 34 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக இறங்கியது. ஆனால் அதில் ஒப்பிட வேறொரு குழு இல்லை, அளக்கப்பட்டதும் கர்ப்பம் அல்ல, அணுவின் தரம் மட்டுமே. ஆகவே இதை வைத்துத் தினமும் இணைந்தால் குழந்தை உறுதி என்று எழுதுவது மிகை. தினமும் இணைவதால் விந்து "நீர்த்துப் போய்விடும்" என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்று சொல்ல மட்டும் இது போதும்.

இந்தச் சேமிப்பு எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. விந்துப் பரிசோதனைக்குச் செல்லும் ஆண்களிடம், மாதிரி தருவதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாட்கள் இடைவெளி இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். ஒருவருடைய முடிவை இன்னொருவருடையதோடும், அவருடைய அடுத்த பரிசோதனையோடும் ஒப்பிட முடிவதற்காக வைத்திருக்கும் பொது அளவுகோல் அது. கருத்தரிக்க அந்த இடைவெளி தேவை என்று அதற்குப் பொருள் இல்லை, ஆனால் கேட்டுத் திரும்புபவர்கள் பலரும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள்.

இப்போது ஒரு தம்பதியரை எடுத்துக்கொண்டு இதை நாட்காட்டியில் பொருத்திப் பார்க்கலாம். மனைவியின் சுழற்சி சில மாதங்களில் 27 நாட்கள், சில மாதங்களில் 31 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதவிடாய்க்கு ஏறத்தாழ 14 நாட்கள் முன்பாகக் கருமுட்டை வெளிவருகிறது என்று கொண்டால், மாதவிடாய் தொடங்கிய நாளை முதல் நாளாக எண்ணி, 13-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாள் வரை எந்த நாளிலும் அது நிகழலாம். 13-க்கு ஐந்து நாட்கள் முன்னால் போனால் 8. ஆகவே அவர்கள் கவனிக்க வேண்டிய காலம் 8-இலிருந்து 17 வரையிலான பத்து நாட்கள். 8, 10, 12, 14, 16 என்று ஐந்து நாட்கள் இணைகிறார்கள். கருமுட்டை 13-இல் வந்தால் 12-ஆம் நாள் உறவு அதற்கு முந்தைய நாள். 15-இல் வந்தால் 14-ஆம் நாள் முந்தைய நாள். 16-இல் வந்தால் 14-ஆம் நாள் இரண்டு நாட்களுக்கு முந்தையது, 16-ஆம் நாளும் கையில் இருக்கிறது. எந்த வழியிலும் வலையில் ஓட்டை இல்லை. இதையே தினமும் செய்திருந்தால் பத்து நாட்கள் தொடர்ந்து இணைந்திருக்க வேண்டும். அதில் நான்கு நாட்கள் கருவளமுள்ள ஆறு நாட்களுக்கு வெளியே விழுந்திருக்கும்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் என்றும் பார்க்க வேண்டும். 14-ஆம் நாள் இருவரில் ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால், பெரும்பாலோர் முறையைக் கலைக்க வேண்டாம் என்று 16 வரை காத்திருந்துவிடுவார்கள். அந்த மாதம் கருமுட்டை 15-இல் வந்திருந்தால் அவர்களுக்கு மிஞ்சியவற்றில் மிக அண்மையது 12-ஆம் நாள் உறவுதான், அதாவது மூன்று நாட்கள் பழையது. வில்காக்ஸ் ஆய்வில் மூன்று நாட்களோ அதற்கு மேலோ பழைய விந்தணுக்களால் உண்டானவை என்று உறுதியாகச் சொல்ல முடிந்த கர்ப்பங்கள் 6 சதவீதமே. ஒரு நாள் தவறினால் மறுநாளே இணைந்து, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவதே சரி. இரட்டைப்படை நாட்களுக்கு எந்த மகத்துவமும் கிடையாது.

கருமுட்டை வெளிவரும் நாளைக் கணிக்கும் சிறுநீர்ப் பட்டைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கருமுட்டை வெளிவருவதற்கு ஒன்று ஒன்றரை நாள் முன்பு உயரும் எல்.எச். ஹார்மோனை அவை காட்டுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, பட்டை இல்லாமல் முயல்பவர்களுக்குக் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பு 18 சதவீதம் என்றால், பட்டையைப் பயன்படுத்துபவர்களுக்கு அது 20-க்கும் 28-க்கும் இடையில் இருக்கலாம், பயன் இருக்கிறது. ஆனால் பட்டை "ஆம்" என்று காட்டும்போது ஆறு நாட்களில் நான்கு ஏற்கெனவே கடந்துவிட்டிருக்கும். அதுவரை விலகியிருந்து அந்த மாலையில் மட்டும் இணைவது என்று திட்டமிட்டால், அன்று இயலாமல் போவதற்கு மாற்று எதுவும் இல்லை. இதை நேரில் அறிவேன். இன்றுதான் என்று நாட்காட்டி கட்டளையிடும் நாளில் ஆண்களுக்கு விறைப்பு ஏற்படாமல் போவது மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் குறை; எங்கள் வீட்டிலும் நடந்தது, அதன்பின் அந்த வாரம் முழுவதும் பேச்சும் குறைந்தது. பட்டையைப் பயன்படுத்த விரும்புபவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதை 8-ஆம் நாளிலிருந்தே தொடர்ந்து, பட்டை காட்டிய நாளிலும் அதற்கு மறுநாளும் கூடுதலாக இணைந்தால் போதும். காலையில் வெப்பமானியால் உடல் வெப்பநிலையைக் குறிக்கும் முறைக்கு இந்தப் பயன் இல்லை, ஏனெனில் வெப்பம் உயர்வது கருமுட்டை வெளிவந்த பிறகுதான்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை சுழற்சி முழுவதும் என்றும், அமெரிக்கச் சங்கம் கருவள நாட்களில் ஒன்று இரண்டு நாட்களுக்கு ஒரு முறை என்றும் சொல்வதை முரண்பாடாகக் கருத வேண்டியதில்லை. முதலாவது, நாட்களை எண்ண விரும்பாதவர்களுக்கு ஏற்றது. எண்ணாமல் இருப்பதற்கு விலையாக ஓரிரு நல்ல நாட்கள் சில மாதங்களில் நழுவலாம். இரண்டாவது, எண்ணத் தயங்காதவர்களுக்கு. இரண்டிலும் தினமும் என்பது கட்டாயமாக இல்லை, தடையாகவும் இல்லை. தினமும் இணைய இருவருக்கும் விருப்பமிருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளச் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. ஒருவருக்கு அது சுமையாகத் தோன்றத் தொடங்கினால், ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு மாறுவதால் அவர்கள் இழப்பது மிகச் சொற்பம்.

இந்தக் கணக்குகள் எல்லாம், சுழற்சி ஓரளவு ஒழுங்காக இருந்து, கருமுட்டை வெளிவந்து, கருக்குழாய் திறந்திருந்து, விந்துவில் அணுக்கள் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். சுழற்சி சில மாதம் 35 நாட்கள், சில மாதம் 60 நாட்கள் என்று அலைந்தால் எந்த இடைவெளியையும் நாட்காட்டியில் பொருத்த முடியாது; அங்கே கேள்வி உறவின் எண்ணிக்கை அல்ல, கருமுட்டை வெளிவருகிறதா என்பது. அத்தகையவர்களும், முன்பு இடுப்புப் பகுதியில் தொற்றோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்களும், கணவருக்கு விந்தகத்தில் பாதிப்பு இருந்தவர்களும் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்களில், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறையாவது இணைந்து ஓர் ஆண்டு கடந்தும் கர்ப்பம் தங்கவில்லை என்றால், மனைவிக்கு 35 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்தால் ஆறு மாதங்களிலேயே, பரிசோதனை தொடங்க வேண்டும்; அது இருவருக்கும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று எத்தனை நாட்களுக்கு ஒரு முறை இணைகிறீர்கள் என்பதாக இருக்கும். அதற்கு வெட்கப்படாமல் உண்மையான எண்ணைச் சொல்லுங்கள், ஏனெனில் வாரம் ஒரு முறை என்ற பதில் பல சோதனைகளையும் மருந்துகளையும் சில மாதங்களுக்காவது தள்ளிப்போட வைக்கும்.